மிகை பதப்படுத்திய உணவு: எல்லாமே ஒரே அளவு கெடுதலா?

மக்காச்சோளம் மூன்று விதமாக நம் கைக்கு வருகிறது. கதிராக வாங்கி வேகவைத்துத் தின்கிறோம். மணிகளை உதிர்த்து உப்புத் தண்ணீரோடு டின்னில் அடைத்தும் விற்கிறார்கள். பாக்கெட்டைப் பிரித்தால் கொட்டும், சீஸ் பொடி தூவிய மொறுமொறு குச்சிகளும் அதே சோளம்தான். மூன்றுமே ஏதோ ஒரு வகையில் பதப்படுத்தப்பட்டவை. வேகவைப்பதும் பதப்படுத்துவதுதானே. ஆனால் மூன்றாவதை மட்டும் 'அல்ட்ரா பிராசஸ்டு', அதாவது மிகை பதப்படுத்திய உணவு என்று தனியாகப் பிரிக்கிறார்கள். ஏன் என்பது அந்தக் குச்சி எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் விளங்கும்.

முதலில் சோளத்தின் தோலையும் முளையையும் நீக்கிவிட்டு, மிச்சத்தை ரவையாக உடைக்கிறார்கள். நார்ச்சத்தில் பெரும்பகுதி இங்கேயே போய்விடுகிறது. ரவையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் போடுகிறார்கள். நீளமான இரும்புக் குழாய்க்குள் ஒரு திருகு சுழன்று மாவை முன்னே தள்ளும். அழுத்தமும் உராய்வும் சேர்ந்து வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும், ஆனால் அழுத்தத்தால் தண்ணீர் ஆவியாக முடியாமல் மாவுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். சின்னத் துளை வழியாக மாவு வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று குறைகிறது, தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிறது, மாவு பொங்கி நுரைபோல விரிகிறது. அதை வெட்டி, நன்றாக உலர்த்தி, எண்ணெயைத் தெளித்து, உப்பு, மணமூட்டி, சுவைகூட்டி, நிறம் எல்லாம் கலந்த பொடியைப் புரட்டினால் குச்சி தயார். வேகவைத்த சோளம் 100 கிராமில் சுமார் 100 கலோரி இருக்கும். இந்தக் குச்சியில் 500 கலோரிக்கு மேல். வாயில் போட்டதும் கரைந்துவிடுவதால் மெல்லவும் பெரிதாக வேலையில்லை. இந்த இரண்டு விஷயங்களும் பின்னால் வரும் கதைக்கு முக்கியம்.

இப்படிப் பிரிக்கும் முறைக்கு 'நோவா' என்று பெயர். பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவர் குழுவினரும் 2009 வாக்கில் இதை முன்வைத்தார்கள். அவர்களை யோசிக்க வைத்தது ஒரு முரண். பிரேசில் வீடுகளில் சர்க்கரையும் எண்ணெயும் வாங்குவது குறைந்துகொண்டே வந்தது, ஆனால் உடல் பருமன் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அந்தச் சர்க்கரையும் எண்ணெயும் வேறு வழியில், ஆயத்த உணவுகளுக்குள் ஒளிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. ஆகவே உணவில் எந்தச் சத்து எவ்வளவு என்பதோடு நிற்காமல், அது எப்படி, எதற்காகத் தயாரிக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும் என்றார் மொன்டெய்ரோ.

நோவாவில் நான்கு பிரிவுகள். பழம், காய், தானியம், பால், முட்டை, இறைச்சி போன்றவை முதல் பிரிவு. கழுவுவது, உலர்த்துவது, அரைப்பது, உறையவைப்பது எதுவும் அவற்றை அங்கிருந்து நகர்த்தாது. எண்ணெய், வெண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவை இரண்டாவது. முதல் இரண்டையும் சேர்த்துச் செய்த டின் சோளம், சீஸ், சாதாரண ரொட்டி போன்றவை மூன்றாவது. நான்காவதுதான் மிகை பதப்படுத்தியவை. உணவுப் பொருளைப் பிரித்தெடுத்த ஸ்டார்ச், புரதம், சர்க்கரைப் பாகு, எண்ணெய் என்று துண்டு துண்டாக ஆக்கி, பிறகு அவற்றைப் புதிதாகச் சேர்த்து, நிறத்தையும் மணத்தையும் பதத்தையும் வெளியிலிருந்து கொடுத்து உருவாக்குபவை.

கடையில் நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பாக்கெட்டின் பின்பக்கத்தில் உள்ள சேர்பொருள் பட்டியல். இரண்டு விதமான பெயர்களைத் தேடினால் போதும். எந்த வீட்டுச் சமையலறையிலும் இருக்காத பொருள்கள் ஒரு விதம்: மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப், ஹைட்ரஜனேற்றிய எண்ணெய், சோயா புரத ஐசொலேட், மாற்றம் செய்த ஸ்டார்ச். சாப்பாட்டுக்கு ஒப்பனை செய்பவை இன்னொரு விதம்: நிறம், மணமூட்டி, சுவைகூட்டி, செயற்கை இனிப்பு, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் எமல்சிஃபையர், கெட்டியாக்கி. இவற்றில் ஒன்று இருந்தால்கூட நோவா அதை நான்காவது பிரிவில் வைக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் மட்டும் இருப்பதால் ஓர் உணவு மிகை பதப்படுத்தியது ஆகிவிடாது. பலரும் இதைத்தான் முதலில் பார்த்துப் பயப்படுகிறார்கள். நோவாவின் பார்வையில் அது அடையாளமே அல்ல.

சரி, இந்த உணவுகள் உடம்பை உண்மையிலேயே பாதிக்கின்றனவா, அல்லது இவற்றை அதிகம் சாப்பிடுபவர்களின் மற்ற பழக்கங்கள்தான் காரணமா? நீண்ட காலமாக இருந்த சந்தேகம் இது. இவற்றை நிறையச் சாப்பிடுபவர்களிடம் புகைப்பழக்கமும் உடற்பயிற்சி இன்மையும் சேர்ந்தே இருக்கலாம். காரணம் எது, கூடவே வருவது எது என்று கணக்கெடுப்பு ஆய்வுகளில் முழுதாகப் பிரித்துவிட முடியாது. அதற்கு ஒரு சோதனை தேவைப்பட்டது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு அந்தச் சோதனையைச் செய்து 2019-ல் வெளியிட்டது. 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனை வளாகத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மிகை பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. யாருக்கு எது முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். தட்டில் வைத்த உணவின் மொத்தக் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். தேவையைவிட அதிகமாகவே தட்டில் வைத்துவிட்டு, "எவ்வளவு வேண்டுமோ சாப்பிடுங்கள், வேண்டாததை விட்டுவிடுங்கள்" என்றார்கள். மிச்சத்தை எடைபோட்டுக் கணக்கிட்டார்கள்.

மிகை பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்கு சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ கூடியது. மற்ற உணவுக்கு மாறிய இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ குறைந்தது. எந்த உணவு அதிக ருசி என்று கேட்டதற்கு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள். அப்படியென்றால் ருசி மயக்கித்தான் அதிகம் தின்றார்கள் என்று சொல்லிவிட முடியாது.

பிறகு எது? தரவைப் பார்த்தால் இரண்டு துப்புகள் தெரிகின்றன. ஒன்று, வேகம். மிகை பதப்படுத்திய உணவை அவர்கள் நிமிடத்துக்குக் கூடுதல் கலோரி என்ற கணக்கில் வேகமாகச் சாப்பிட்டார்கள். உணவு மென்மையாக இருக்கிறது, மெல்லும் வேலை குறைவு. குடலிலிருந்து "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. பதப்படுத்தாத உணவு சாப்பிட்ட காலத்தில் பசியை அடக்கும் பிஒய்ஒய் என்ற ஹார்மோன் கூடியதையும், பசியைத் தூண்டும் கிரெலின் குறைந்ததையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்தார்கள்.

இரண்டாவது, அடர்த்தி. ஒரு கிராம் உணவில் எத்தனை கலோரி என்பது. இங்கேதான் அந்தச் சோதனைக்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் நார்ச்சத்தைச் சமப்படுத்த வேண்டியிருந்தது, ஆனால் மிகை பதப்படுத்திய உணவில் அது இயல்பாகவே குறைவு. அதனால் கரையும் நார்ச்சத்தைப் பானங்களில் கலந்து கொடுத்தார்கள். பானத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு உணவுகளின் அடர்த்தியும் ஒன்று. பானத்தை விட்டுவிட்டுத் தட்டில் இருந்த திட உணவை மட்டும் பார்த்தால், மிகை பதப்படுத்தியதன் அடர்த்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வயிறு நிறைந்ததை உணர்வது பெரும்பாலும் உணவின் கன அளவையும் எடையையும் வைத்துத்தான். குடித்த தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், காய்கறிக்குள் இருக்கும் தண்ணீர் அப்படி இறங்காது. நாம் பார்த்த சோளத்திலும் இதே கதைதான்: ஈரத்தை எடுத்துவிட்டு எண்ணெயை ஏற்றினார்கள், கலோரி ஐந்து மடங்கானது.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனையின் மிகப் பெரிய பாடம் இதுதான். 'மிகை பதப்படுத்தியது' என்ற முத்திரை நேரடியாக உடலுக்குள் போய் எதையும் செய்வதில்லை. அந்த முத்திரை உள்ள உணவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாக இருக்கும் மென்மை, வறட்சி, அடர்த்தி ஆகியவைதான் வேலை செய்கின்றன. அந்தக் குணங்கள் இல்லாத உணவும் அதே நான்காவது பிரிவில் இருக்கலாம். எல்லாம் ஒரே அளவு கெடுதலா என்ற கேள்விக்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முழுக்கோதுமை பாக்கெட் ரொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கோதுமை மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் எண்ணெய், பூஞ்சை பிடிக்காமல் இருக்க கால்சியம் புரோபியோனேட், கடைசியில் எமல்சிஃபையர் 471. அந்தக் கடைசிச் சொல் ஒன்றுக்காகவே நோவா இதை நான்காவது பிரிவில் போடும். ரொட்டி சில நாட்கள் மிருதுவாக இருக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் அதே ரொட்டி மூன்றாவது பிரிவுக்குப் போய்விடும். அதன் நார்ச்சத்து மாறவில்லை, கலோரியும் மாறவில்லை. கோலா பானமும் இந்த ரொட்டியும் ஒரே பெட்டிக்குள் என்பதுதான் நோவாவின் பலவீனம்.

பெரிய அளவில் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஏழு ஐரோப்பிய நாடுகளில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2023-ல் வந்தது. புற்றுநோய், இதயநோய், நீரிழிவு ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் சேர்ந்து வருவதைப் பற்றியது. மொத்தமாகப் பார்த்தால் மிகை பதப்படுத்திய உணவு கூடக்கூட ஆபத்து கூடியது. வகை வகையாகப் பிரித்துப் பார்த்தபோது, ஆபத்தோடு தெளிவாகத் தொடர்புபட்டவை இறைச்சி போன்ற விலங்கு சார்ந்த பொருள்களும், சர்க்கரையோ செயற்கை இனிப்போ சேர்த்த பானங்களும்தான். ரொட்டி, காலை உணவுத் தானியங்கள், தாவரப் புரதத்தில் செய்த மாற்று உணவுகள் ஆகியவற்றுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. மறு ஆண்டு அமெரிக்காவில் இதயநோயைப் பற்றி வந்த ஆய்வும் ஏறக்குறைய இதே வரிசையைக் காட்டியது: ஆபத்தோடு சேர்ந்து நின்றவை இனிப்புப் பானங்களும் பதப்படுத்திய இறைச்சியும். இவையும் கணக்கெடுப்பு ஆய்வுகள்தான், மேலே சொன்ன சந்தேகம் இவற்றுக்கும் பொருந்தும். ஆனாலும் வெவ்வேறு நாடுகளில் அதே இரண்டு பொருள்கள் திரும்பத் திரும்ப முன்னால் வருவதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டுக்கும் தனித்தனியாக விளக்கமும் இருக்கிறது.

330 மில்லி கோலா டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட ஒன்பது டீஸ்பூன். மெல்லத் தேவையில்லை, நார்ச்சத்து கிடையாது, வயிற்றில் தங்குவதும் இல்லை. திரவமாகப் போன கலோரிக்கு ஈடாக அடுத்த வேளையில் நாம் முழுதாகக் குறைத்துச் சாப்பிடுவதும் இல்லை. அதாவது அது பெரும்பாலும் மேலதிகமாகவே சேர்ந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர், சேர்க்கப்பட்ட சர்க்கரையை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒரே டின்னில் அதில் 70 சதவீதம் போய்விடுகிறது.

சாசேஜ், பேக்கன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியின் கதை வேறு. அங்கே உப்பு அதிகம். நிறம் மாறாமலும் கிருமி வளராமலும் இருக்க நைட்ரைட் சேர்க்கிறார்கள். அது இறைச்சியில் உள்ள பொருள்களோடு சேர்ந்து, குடலில் நைட்ரோசோ சேர்மங்களாக மாறக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இந்த 18-ஐ நிதானமாகப் படிக்க வேண்டும். 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது 6 பேர் என்று ஆகும். சின்ன மாற்றம்தான், ஆனால் உண்மையான மாற்றம். இன்னொன்றும் உண்டு. உப்பிட்டு உலர்த்திய பாரம்பரிய இறைச்சிகள் நோவாவில் மூன்றாவது பிரிவிலேயே நிற்கும். புற்றுநோய்க் கணக்கில் அவையும் பதப்படுத்திய இறைச்சிதான். நோவாவின் எண் குறைவாக இருப்பதால் பயமில்லை என்றும் ஆகாது.

பிரிவு எண்ணைவிட அந்தப் பிரிவுக்குள் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது எவ்வளவு மாற்றம் தரும்? இங்கிலாந்தில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2025-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில் தருகிறது. 55 பேர், ஒவ்வொரு வகை உணவும் எட்டு வாரம். இந்த முறை இரண்டு வகை உணவும் அந்நாட்டு ஆரோக்கிய உணவு வழிகாட்டிக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டவை. மிகை பதப்படுத்திய உணவு சாப்பிட்ட எட்டு வாரத்தில் எடை சுமார் 1 சதவீதம் குறைந்தது. குறைவாகப் பதப்படுத்திய உணவில் சுமார் 2 சதவீதம் குறைந்தது. கவனமாகத் தேர்ந்தெடுத்தால் நான்காவது பிரிவு உணவிலும் எடை ஏறவில்லை. அதே சமயம், சத்துகளைச் சரிசெய்த பிறகும் மற்ற உணவே இரண்டு மடங்கு பலன் தந்தது. ஆகவே சத்துப் பட்டியல் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று சொல்பவர்களும், பதப்படுத்தியதெல்லாம் விஷம் என்று சொல்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

எமல்சிஃபையர்களே குடலைக் கெடுக்கின்றனவா என்று சிலர் கேட்பார்கள். சிஎம்சி என்ற ஓர் எமல்சிஃபையரைத் தினமும் 15 கிராம் வீதம் 11 நாட்கள் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்த சிறிய சோதனை ஒன்று உண்டு. குடல் நுண்ணுயிரிகளின் கலவை மாறியது, சாப்பிட்ட பிறகு வயிற்றில் லேசான அசௌகரியம் இருந்தது. அக்கறையோடு கவனிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் ஒரு நாளைக்கு 15 கிராம் என்பது பெரிய அளவு. ஒரு எமல்சிஃபையரிடம் கண்டதை எல்லா எமல்சிஃபையருக்கும் ஏற்றிச் சொல்லவும் கூடாது. இதை வைத்து அந்த முழுக்கோதுமை ரொட்டியை நான் தூக்கிப் போட மாட்டேன்.

கடைக்குப் போய் லேபிளைப் படிப்பதற்கு ஓர் உதாரணம்: பழச்சுவை யோகர்ட். சேர்பொருளில் பால், சர்க்கரை, மாற்றம் செய்த ஸ்டார்ச், மணமூட்டி, நிறம். நான்காவது பிரிவு என்பது உறுதி. அடுத்து சத்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். 100 கிராமுக்கு சர்க்கரை 12 கிராம் என்று போட்டிருக்கிறது. சர்க்கரையே சேர்க்காத யோகர்ட்டிலும் பாலின் இயல்பான சர்க்கரை 4 முதல் 5 கிராம் வரை இருக்கும். கழித்தால், சேர்க்கப்பட்டது சுமார் 7 கிராம். 150 கிராம் கப்பில் பத்து கிராமுக்குச் சற்று மேல், இரண்டரை டீஸ்பூன். கோலாவின் ஒன்பது டீஸ்பூனோடு ஒப்பிட்டால் குறைவு, கூடவே புரதமும் கால்சியமும் கிடைக்கின்றன. சர்க்கரை போடாத யோகர்ட்டில் பழத்தை நறுக்கிப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. எது நல்லது என்பது எதற்குப் பதிலாக அதைச் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

இந்த வரிசையில் முதலில் குறைக்க வேண்டியவை இனிப்புப் பானங்களும் பதப்படுத்திய இறைச்சியும். அடுத்து, பசிக்காத நேரத்தில் பாக்கெட்டிலிருந்து அள்ளிப் போடும் வறண்ட, எண்ணெய் ஏறிய தின்பண்டங்கள். ரொட்டி, இனிப்பில்லாத காலை உணவுத் தானியம், இனிப்புக் குறைந்த யோகர்ட் போன்றவற்றைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

நோவாவின் நான்காவது பிரிவில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை: குழந்தைகளுக்கான பால் பவுடர். பால் புரதம், எண்ணெய்கள், லாக்டோஸ், வைட்டமின்கள், எமல்சிஃபையர் எல்லாம் சேர்ந்த அது விதிப்படி மிகை பதப்படுத்திய உணவுதான். தாய்ப்பால் இருந்தால் அதற்கு இது ஈடாகாது. ஆனால் தாய்ப்பால் கிடைக்காத பச்சைக் குழந்தைக்கு, 'மிகை பதப்படுத்தியது' என்ற பயத்தில் வீட்டில் கலக்கிய பாலையோ வெறும் பசும்பாலையோ கொடுத்துவிடக் கூடாது. முதல் வயதில் வெறும் பசும்பாலில் இரும்புச்சத்து போதாது, புரதமும் உப்புகளும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அதிகம்.